சுற்றறிக்கையும் ஒரு பதிவுதான்

கேள்வி: கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நேந்திரங்காய் சிப்ஸ் தயாரிக்கும் நிறுவனத்தில் அலுவலகப் பொறுப்பில் இருக்கிறேன். மொத்தம் 42 பேர் வேலை பார்க்கிறோம். போன வாரம் இரவு ஷிஃப்டில் பேக்கிங் பையன் ஒருவன், தரையில் கொட்டிய சிப்ஸை இன்னொருவர் கூட்டி அள்ளுவதை வேடிக்கையாக வீடியோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தான். அது கழிவுக்குப் போன சரக்கு. வீடியோவில் ஒருவர் தலையுறை இல்லாமல் இருப்பதும் தெரிகிறது. யாரோ அதை எடுத்து, "இதைத்தான் பாக்கெட்டில் அடைக்கிறார்கள்" என்று மலையாளத்தில் எழுதிப் பரப்பிவிட்டார்கள். திருச்சூர் விநியோகஸ்தர் ஓணத்துக்கான ஆர்டரை நிறுத்தி வைத்திருக்கிறார். "கம்பெனியைப் பற்றி இனி யாரும் எங்கேயும் எதுவும் போடக் கூடாது, மீறினால் வேலை போகும் என்று எல்லோருக்கும் நினைவூட்டல் அனுப்பு" என்கிறார் முதலாளி. இதை எப்படி எழுதுவது, சார்?

பதில்:

எழுத உட்காரும் முன் அலமாரியைத் திறந்து, அந்தப் பையனின் பணி நியமனக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். நினைவூட்டல் என்றால் முன்பே ஒன்றைச் சொல்லியிருக்கிறோம் என்று பொருள். உண்மையிலேயே சொல்லியிருக்கிறீர்களா?

கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளில் முப்பது ஆண்டுகள் பணியாளர் நிர்வாகம் பார்த்தவன் நான். நியமனக் கடிதம் என்ற பெயரில் அங்கே நான் கண்டவை பெரும்பாலும் ஒரு பக்க ஆங்கிலத் தாள்கள், வேறு எங்கோ இருந்து நகல் எடுத்தவை. "தொழில் ரகசியங்களை வெளியிடக் கூடாது" என்று ஒரு வரி இருக்கும். அது எண்ணெய் எத்தனை டிகிரியில் காய்கிறது, மசாலா என்ன விகிதம் என்பதற்கான வரி. தரையைக் கூட்டுவது ரகசியம் ஆகாது. அந்த வரியைக் காட்டி "ஏற்கனவே எச்சரித்திருந்தோம்" என்று எழுதினால், நாளை தொழிலாளர் அலுவலகத்தில் பையனுக்காகப் பேசுபவர் கேட்கும் முதல் கேள்வியே "எப்போது, எந்த மொழியில்?" என்பதாகத்தான் இருக்கும்.

ஆனால் உங்களுடையது உணவு தயாரிக்கும் இடம். பேக்கிங் அறை வாசலில் தலையுறை அணிய வேண்டும், மோதிரம், கைக்கடிகாரம் கூடாது என்று பலகை மாட்டியிருப்பீர்கள். உணவுப் பாதுகாப்பு உரிமத்துக்கான நான்காம் அட்டவணை கேட்கும் சுத்த விதிகள் இவை. பல இடங்களில் அதே பலகையில் கைப்பேசிக்கும் ஒரு கோடு போட்ட படம் இருக்கும். உங்கள் பலகையில் அது இருந்தால், நினைவூட்ட உங்களிடம் உண்மையாகவே ஒரு விதி இருக்கிறது. அதற்கு மட்டும் "நினைவூட்டுகிறோம்" என்று எழுதுங்கள். சமூக ஊடகத்தைப் பற்றிச் சொல்வதெல்லாம் புதிய விதி. அதற்கு "இன்று முதல்" என்று தேதி போடுங்கள். இரண்டையும் ஒரே தாளில் வைக்கலாம், ஆனால் குழப்பக் கூடாது. புதிய விதியைப் பழைய செயலுக்குப் பொருத்த முடியாது.

இதில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது, முதலாளிகள் பலரும் தவறவிடுவது இதைத்தான். பையன் செய்தவை இரண்டு. பேக்கிங் அறையில் வேலை நேரத்தில் வீடியோ எடுத்தான். பிறகு தன் சொந்தப் போனில், ஒருவேளை வீட்டுக்குப் போன பிறகு, ஸ்டேட்டஸில் வைத்தான். முதலாவது உங்கள் கூரைக்குக் கீழ் நடந்தது. இரண்டாவது எங்கே நடந்தது என்பதே கேள்வி. நிறுவனத்தின் வேலை விதிகளை எழுத்தில் வைக்கச் சொல்லும் நிலையாணைகள் சட்டம் 1946இல் வந்தது. அதன் கீழ் வந்த மாதிரி நிலையாணைகளில் ஒழுங்கீனங்களின் பட்டியல் ஒன்று உண்டு. திருட்டு, கீழ்ப்படியாமை, வேலை நேரத்தில் தொழிற்சாலைக்குள் ஒழுங்கைக் கெடுக்கும் செயல் என்று போகும். அதை எழுதியவர்கள் கையடக்கக் கேமராவைக் கனவிலும் கண்டிருக்க மாட்டார்கள். 1980களின் தொடக்கத்தில் ஒரு மருந்து நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்படிப்பட்ட சொற்களைக் கறாராகப் படித்தது. வளாகத்திலோ அதன் அருகிலோ நடந்தால் ஒழுங்கீனம் என்று விதி சொன்னால், எங்கோ வெளியே நடந்ததை அதற்குள் இழுத்துவர முடியாது. பட்டியலில் இல்லாததைப் பிறகு ஒழுங்கீனம் என்று சொல்லவும் முடியாது என்றது.

உங்கள் 42 பேர் நிறுவனத்தில் சான்றளிக்கப்பட்ட நிலையாணை இருக்க வாய்ப்பு குறைவு. பழைய மத்தியச் சட்டத்தின் பொது வரம்பே 100 பேர். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்ததாக மத்திய அரசு அறிவித்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பில் அது 300. ஆனாலும் மேலே சொன்ன தர்க்கத்தை எந்தத் தொழிலாளர் நீதிமன்றமும் கைவிடாது. அதனால் உங்கள் விதியின் ஆணிவேர் வீடியோ எடுத்ததில் இருக்கட்டும், பரப்பியதில் வேண்டாம். உற்பத்திப் பகுதிக்குள் போன் வராவிட்டால் இந்தக் கதையே இல்லை.

இனி, "யாரும் எங்கேயும் எதுவும் போடக் கூடாது" என்ற முதலாளியின் வாசகத்துக்கு வருகிறேன். அவர் கோபம் எனக்குப் புரிகிறது. ஓணத்துக்கான ஆர்டர் நிற்கிறது என்றால் யாருக்கும் தலை சுற்றும். ஆனால் இந்த வாசகம் நிற்காது. 2023இல் மதுரைக் கிளையில் ஒரு வழக்கு வந்தது. கிராம வங்கி ஊழியர் ஒருவர் சக ஊழியர்களின் தனிப்பட்ட வாட்ஸ்அப் குழுவில் நிர்வாகத்தைக் குறை கூறி எழுதியிருந்தார். வங்கி அவருக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுத்தது. சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மேலதிகாரிகளைப் பற்றித் தங்களுக்குள் ஆதங்கத்தைக் கொட்டிக்கொள்ளும் உரிமை ஊழியர்களுக்கு உண்டு என்பது அதன் சாரம். அது தனியார் சிப்ஸ் கம்பெனியை அப்படியே கட்டுப்படுத்தும் என்று நான் சொல்லவில்லை. நீதிமன்றங்களின் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதற்கு அது அடையாளம்.

கூலி பற்றிப் பேசுவது, சங்கத்தில் பேசுவது, உணவுப் பாதுகாப்பு அதிகாரியிடம் புகார் செய்வது, இவற்றை உங்கள் சுற்றறிக்கை தடுப்பது போலத் தோன்றினாலே போதும், அது உங்களுக்கு எதிரான ஆவணம் ஆகிவிடும். "தரையில் விழுந்ததை அடைப்பதாகக் குற்றச்சாட்டு வந்த நிறுவனம், அதன்பின் ஊழியர்களின் வாயைக் கட்டியது" என்று அதே மலையாளப் பக்கங்கள் எழுதும். தலைப்பில் நான் சொன்னது இதைத்தான். நீங்கள் ஒட்டும் தாளை ஐந்தாவது நிமிடத்தில் யாராவது படம் எடுப்பார்கள். திருச்சூர் விநியோகஸ்தரின் கைக்கு அது மாலைக்குள் போய்ச் சேரும். ஆகவே 42 பேருக்கு எழுதும்போதே அவரும் படிப்பார் என்று நினைத்துக்கொண்டு எழுதுங்கள். "வேலை போகும்" என்ற சொல் அந்தத் தாளில் எங்கும் வேண்டாம்.

இணையத்தில் கிடைக்கும் மாதிரியைப் பார்த்து நகல் எடுக்கும் பழக்கம் இருந்தால் ஒன்று கவனியுங்கள். இணையத்தில் புண்படுத்தும்படி எழுதினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில் வழக்குப் பாயும் என்ற மிரட்டல் இன்னும் பல சுற்றறிக்கைகளில் உயிரோடு இருக்கிறது. அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்றே செல்லாது என்று சொல்லிவிட்டது. அதே தீர்ப்பில் கேரளப் போலீஸ் சட்டத்தின் 118(டி) பிரிவும் போனது. 2020 நவம்பரில் கேரள அரசு 118ஏ என்று ஒன்றை அவசரச் சட்டமாகக் கொண்டுவந்து, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. செத்த பிரிவைக் காட்டிப் பயமுறுத்தினால், சிரிப்பவர்கள் முதலில் உங்கள் ஊழியர்கள்தான். அவர்கள் நம்மைவிட அதிகம் போன் பார்க்கிறார்கள்.

மொழி அடுத்த சிக்கல். நம் எல்லைப் பக்கத்தில் ஒரு தாள் ஒரு மொழியில் போனால் பாதிப் பேருக்கு அது வெறும் காகிதம். கொழிஞ்சாம்பாறையிலிருந்தும் வேலந்தாவளத்திலிருந்தும் வருபவர்களுக்குத் தமிழ் வேண்டும். தமிழ் பேசினாலும் பள்ளியில் மலையாளம் படித்தவர்கள் உண்டு. அவர்களுக்கு மலையாள எழுத்து வேண்டும். எண்ணெய்ச் சட்டி அருகே நிற்கும் வடநாட்டுப் பையன்களுக்கு இந்தியில் யாராவது படித்துக் காட்ட வேண்டும். ஆங்கிலத்தோடு பெரும்பான்மைத் தொழிலாளர்கள் அறிந்த மொழியிலும் நிலையாணையை வாசலில் ஒட்ட வேண்டும் என்று 1946 சட்டமே சொன்னது. உங்களுக்கு அது கட்டாயமில்லாவிட்டாலும், நல்ல அளவுகோல்.

வாய்மொழி பெயர்ப்பை நம்பாதீர்கள். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் மலையாளத் தாளில் "சிக்ஷா நடபடி" என்று இருந்தது, தண்டனை நடவடிக்கை என்ற பொருளில். மேற்பார்வையாளர் அதை அரைகுறை இந்தியில் சொல்லும்போது "சிக்ஷா" என்ற சொல்லை மட்டும் அப்படியே விட்டுவிட்டார். இந்தியில் சிக்ஷா என்றால் கல்வி. போன் கொண்டுவந்தால் வகுப்பு நடத்துவார்கள் என்று புரிந்துகொண்டு நாலு பேர் மறுநாள் போனோடு வந்து நின்றார்கள். அவர்கள்மேல் நடவடிக்கை எடுக்க எந்த மனிதனுக்கு மனம் வரும்?

"சமூக ஊடகம்" என்ற சொல்லும் இதே வகைதான். உங்களுக்கும் எனக்கும் அது புரியும். பேக்கிங் மேசையில் நிற்பவருக்கு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் சமூக ஊடகம் அல்ல, தன் மாமன் மச்சான் பார்ப்பதற்காக வைத்தது. விசாரணையில் ஒரு பெண் என்னிடம் சொன்னார்: "நான் பேஸ்புக்கில் எதுவும் போடவில்லையே சார், ஸ்டேட்டஸ்தான் வைத்தேன்." அவர் பொய் சொல்லவில்லை. அதனால் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், இன்ஸ்டாகிராம் ரீல்ஸ், யூடியூப், பேஸ்புக் என்று பெயர் சொல்லியே எழுதுங்கள். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்தாலும், பார்த்தவர் எவரும் அதைப் பதிவு செய்து வெளியே அனுப்ப முடியும் என்று ஒரு வரி விளக்கமும் வேண்டும். உங்கள் விஷயத்தில் நடந்தது அதுதானே.

இவ்வளவையும் மனத்தில் வைத்து நான் எழுதினால் தாள் இப்படி இருக்கும். உங்கள் இடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

"அனைத்துப் பணியாளர்களுக்கும்.

சென்ற வாரம் நம் பேக்கிங் பகுதியில் எடுக்கப்பட்ட ஒரு வீடியோ வெளியே பரவியது. அதில் தெரிவது தரையில் சிந்தி, கழிவாக எடை போட்டு ஒதுக்கப்பட்ட சரக்கு. அது பாக்கெட்டில் அடைக்கப்பட்டதாக வெளியே எழுதப்பட்டது தவறு. அன்றைய கழிவுப் பதிவேட்டை எந்தப் பணியாளரும் அலுவலகத்தில் பார்க்கலாம். அந்த வீடியோவில் ஒருவர் தலையுறை இல்லாமல் இருப்பதும் தெரிகிறது. அது நாம் திருத்திக்கொள்ள வேண்டிய குறை. ஷிஃப்ட் தொடங்கும்போது எல்லோருக்கும் தலையுறை கிடைக்கும்படி ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது.

உற்பத்தி, பேக்கிங் பகுதிகளுக்குள் கைப்பேசி கொண்டுவரக் கூடாது என்று வாசல் பலகையில் உள்ள விதியை நினைவூட்டுகிறோம். வாசலில் பூட்டுள்ள பெட்டிகள் வைக்கப்பட்டுள்ளன. இடைவேளையில் போனை எடுத்துக்கொள்ளலாம். வீட்டிலிருந்து அவசரமாக அழைக்க வேண்டியவர்கள் அலுவலக எண்ணை அழைக்கலாம். உடனே உங்களிடம் தெரிவிக்கப்படும்.

இன்று முதல், வேலை செய்யும் பகுதிகளில் எடுத்த படத்தையோ வீடியோவையோ, நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், இன்ஸ்டாகிராம், யூடியூப், பேஸ்புக் போன்றவற்றில் வைக்கக் கூடாது. உடன் வேலை செய்பவரின் முகத்தை அவர் சம்மதம் இல்லாமல் எடுக்கக் கூடாது. நிறுவனத்தின் சார்பாக வெளியே பதில் சொல்லும் பொறுப்பு அலுவலகத்துக்கு மட்டுமே உரியது. நம்மைப் பற்றித் தவறான செய்தி கண்ணில் பட்டால், அதற்கு நீங்கள் பதில் எழுத வேண்டாம், அலுவலகத்துக்கு அனுப்புங்கள்.

சுத்தத்திலோ பாதுகாப்பிலோ குறை கண்டால் மேற்பார்வையாளரிடமோ அலுவலகத்திலோ சொல்லுங்கள். சொன்னவர்மீது எந்த நடவடிக்கையும் இருக்காது. உணவுப் பாதுகாப்புத் துறையிடமோ தொழிலாளர் துறையிடமோ புகார் செய்யவும், சங்கத்தில் பேசவும், உங்கள் கூலி, வேலை நிலைமை பற்றிப் பேசவும் உங்களுக்கு உள்ள உரிமையை இந்த அறிவிப்பு எந்த வகையிலும் கட்டுப்படுத்தாது.

இதில் சொன்னதை மீறினால், விளக்கம் கேட்டு, விசாரித்த பிறகே நடவடிக்கை எடுக்கப்படும்."

இதில் "கழிவாக எடை போட்டு ஒதுக்கப்பட்ட சரக்கு" என்ற வரியை எழுதும் முன் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். அன்றைய இரவு எத்தனை கிலோ கழிவு, எந்த பேட்ச், மாட்டுத் தீவனத்துக்கு எடுத்துப்போனவரின் ரசீது, மூன்றும் ஒத்துப்போக வேண்டும். விநியோகஸ்தரிடம் அனுப்ப வேண்டியதும் இந்த மூன்று தாள்கள்தான். விளக்கக் கடிதத்தைவிட இவை பேசும். பதிவேடே வைப்பதில்லை என்றால் அந்த வரியை அடித்துவிடுங்கள். நிரூபிக்க முடியாததைச் சுற்றறிக்கையில் எழுதினால், அது இரண்டாவது வீடியோவுக்கு விதை. பெட்டிகளும் தலையுறைகளும் அப்படித்தான். "வைக்கப்பட்டுள்ளன" என்று எழுதினால் தாள் ஒட்டும் நேரத்தில் அவை அங்கே இருக்க வேண்டும்.

தலையுறைக் குறையை நாமே ஒப்புக்கொள்வதை முதலாளி எதிர்ப்பார். எல்லா முதலாளிகளும் எதிர்ப்பார்கள். ஆனால் வீடியோவில் அது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. தெரிவதை விட்டுவிட்டுத் தெரியாததை மட்டும் மறுத்தால், மறுப்பையும் சேர்த்துத்தான் சந்தேகிப்பார்கள். இதைச் சொல்லிப் பாருங்கள். அப்படியும் கேட்காவிட்டால், குறையைப் பற்றிய ஒரு வரியை விட்டுவிட்டு, தலையுறை ஏற்பாட்டைப் பற்றிய வரியை மட்டுமாவது வைத்துக்கொள்ளுங்கள்.

தாளை ஒட்டியதோடு வேலை முடியாது. ஒவ்வொரு ஷிஃப்ட் தொடங்கும்போதும் பத்து நிமிடம் நிறுத்தி, மூன்று மொழியிலும் படித்துக் காட்டி, பெயருக்கு எதிரே தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். யார் எந்த மொழியில் கேட்டார் என்பதற்கும் ஒரு கட்டம் இருக்கட்டும். அலுவலக ஊழியர்களையும், முதலாளியின் மருமகனையும் அந்தப் பட்டியலில் சேருங்கள். பேக்கிங்காரர்கள் மட்டும் கையெழுத்துப் போட்டால் அது எல்லோருக்குமான விதி ஆகாது. என் அனுபவத்தில், புதிய இயந்திரம் வந்ததும் அதன் முன் நின்று படம் எடுத்து முதலில் போடுவது மேலாளர்கள்தான்.

இனி அந்தப் பையன். அவன் பெயரோ, பிரிவோ, ஷிஃப்டோ சுற்றறிக்கையில் வரக் கூடாது என்பதைக் கவனித்திருப்பீர்கள். பொதுத் தாள் வேறு, அவனுக்கான கடிதம் வேறு. அவனிடம் தனியாக விளக்கம் கேளுங்கள். எந்தத் தேதி, எந்த ஷிஃப்ட், பலகையில் உள்ள விதிக்கு மாறாகப் போன் கொண்டுவந்து வீடியோ எடுத்தது, அவ்வளவுதான் குற்றச்சாட்டு. "நிறுவனத்தின் நற்பெயருக்குக் களங்கம் விளைவித்தாய்" என்று எழுதத் தோன்றும். கட்டுப்படுத்திக்கொள்ளுங்கள். களங்கம் விளைவித்த அந்த மலையாள வரியை எழுதியவன் அவன் அல்ல. அதை அவன் அறிந்திருக்கவும் இல்லை, விரும்பியிருக்கவும் இல்லை. பதில் எழுத மூன்று நாளாவது கொடுங்கள். தமிழில் எழுதிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

போனைப் பிடுங்கிப் பார்ப்பது, கடவுச்சொல் கேட்பது, மேசைமுன் நிற்கவைத்துக் கணக்கையே அழிக்கச் சொல்வது, இவையெல்லாம் வேண்டாம். பதிவை நீக்கச் சொல்லும் முன் அதைப் பாதுகாத்து வையுங்கள். பரவிய பதிவின் முழு முகவரி, தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட், வீடியோவின் நகல், அதை உங்களுக்கு முதலில் அனுப்பியவர் யார் என்ற குறிப்பு, இவை போதும். உள்விசாரணையில் சாட்சியச் சட்டத்தின் கறார் தேவையில்லை. ஆனால் பொய்யாக எழுதிப் பரப்பிய பக்கத்தின்மீது நாளை அவதூறு வழக்கு என்று போனால், மின்னணு ஆவணத்துக்கு 2023ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் கேட்பார்கள். அதற்கு மூல நகல் கெடாமல் இருக்க வேண்டும். அந்த வழக்கு போகத்தான் வேண்டுமா என்பதை ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள். முதலில் அந்தப் பக்கத்தின் நிர்வாகிக்குப் பதிவேட்டின் படத்தோடு திருத்தம் கேட்டு எழுதிப் பாருங்கள். பல பேர் சத்தமில்லாமல் நீக்கிவிடுவார்கள்.

முதலாளி அடுத்து என்ன கேட்பார் என்பது எனக்குத் தெரியும், எல்லோரும் கேட்டதுதான். நின்ற ஆர்டரின் நஷ்டத்தைப் பையன் கூலியில் பிடிக்கலாமா என்பார். முடியாது. அபராதம் என்று போனால், அதற்கென முன்கூட்டியே அரசு ஒப்புதல் பெற்று அறிவிப்பாக ஒட்டிய செயல்களுக்கு மட்டும், விளக்கம் கேட்ட பிறகு, அந்த மாதக் கூலியில் 3 சதவீதம் வரைதான். 15,000 ரூபாய் வாங்குபவனிடம் அது 450 ரூபாய். பழைய கூலி வழங்கல் சட்டத்திலும் புதிய கூலிச் சட்டத் தொகுப்பிலும் அந்த 3 சதவீதம் மாறவில்லை. உங்கள் வாசலில் அப்படி ஒரு பட்டியல் இல்லாததால் அந்த 450 ரூபாயும் கிடையாது. வேலையைவிட்டு நீக்கலாமா என்பது அடுத்த கேள்வி. முதல் முறை, கெட்ட எண்ணம் இல்லை, விதியை எழுத்தில் கொடுத்ததில்லை. எழுத்தில் ஓர் எச்சரிக்கைக்கு மேல் போனால் தொழிலாளர் நீதிமன்றம் அவனை, வேலையில் இல்லாத நாட்களின் சம்பளத்தோடு, மீண்டும் வேலையில் சேர்க்கச் சொல்லும் வாய்ப்பே அதிகம்.

மூன்றாவது யோசனைதான் ஆபத்தானது. "நம் 42 பேரையும் கூகுளில் ஐந்து நட்சத்திரம் போட்டு, கீழே நல்லபடியாக எழுதச் சொல்" என்பார். ஊழியர் என்பதை மறைத்து எழுதும் பாராட்டு நுகர்வோரை ஏமாற்றுவது. விளம்பரங்களுக்கும் பரிந்துரைகளுக்குமான 2022ஆம் ஆண்டு வழிகாட்டு விதிகள், பரிந்துரைப்பவருக்கும் நிறுவனத்துக்கும் உள்ள தொடர்பை வெளிப்படையாகச் சொல்லச் சொல்கின்றன. சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். ஒரே இரவில் கொழிஞ்சாம்பாறையிலிருந்து 42 பாராட்டு வந்தால் திருச்சூர்க்காரருக்குக் கணக்குத் தெரியாதா? அதுவும் போக, நிறுவனத்தைப் பற்றி வெளியே எழுதாதே என்று காலையில் கையெழுத்து வாங்கிவிட்டு மாலையில் எழுதச் சொன்னால், அந்தக் கையெழுத்துத் தாளைக் கிழித்துப் போடலாம்.

விளக்கம் வந்ததும் அவனை உட்காரவைத்து ஒன்று கேளுங்கள்: அந்த வீடியோவை ஏன் வேடிக்கை என்று நினைத்தாய்? இதே போன்ற ஒரு விஷயத்தில் நான் இப்படிக் கேட்டபோது, "தினமும் இவ்வளவு கொட்டுகிறது சார், யாருமே கண்டுகொள்வதில்லை" என்று பதில் வந்தது. போய்ப் பார்த்தால் கன்வேயரின் ஓரத் தகடு வளைந்து, வாரத்துக்கு மூட்டைக் கணக்கில் சரக்கு தரைக்குப் போய்க்கொண்டிருந்தது. உங்கள் பேக்கிங் மேசையிலும் சரக்கு எங்கே கொட்டுகிறது என்பதை, தாளை ஒட்டும் முன் ஓர் இரவு ஷிஃப்டில் நின்று பார்த்துவிடுங்கள்.